பெரிய எழுத்தும் பெரிய மனிதர்களும்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. அரசன் பெயருக்கும் ஆண்டி பெயருக்கும் ஒரே அளவு எழுத்துதான். அப்படிப்பட்ட மொழியைக் கற்பித்துப் பிழைக்கும் நான், ஆங்கிலக் கடிதத்தில் எங்கே பெரிய எழுத்து வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்று ஒரு கட்டுரை எழுதுவது சில நண்பர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 'தமிழ் வாத்தியாருக்கு இந்த வேலை எதற்கு?' என்று என் கல்லூரியிலேயே கேட்டாகிவிட்டது. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிதம்பரத்தில் குடியிருக்கிறேன். கடலூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பணி. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கக் கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்கிப் பிடித்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம். அரசுக் கல்லூரிகளில் அவர்களுக்கு ஆண்டில் பதினொரு மாதங்களுக்கே தொகுப்பூதியம், மே மாதத்திற்கு இல்லை என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த நடைமுறை. ஆகவே அந்த மாதத்தில் தேர்வுப் பணிக்கும் விடைத்தாள் திருத்தும் பணிக்கும் கிடைக்கும் உழைப்பூதியம் மட்டுமே பலருக்கு வருமானம். அது பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தத் தொகையை நம்பி மளிகைக் கடைக்காரரிடம் தவணை சொல்லியிருப்பவர்களை நான் அறிவேன்.

2023 ஜூன் தொடக்கத்தில், ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்கும் உரிய பட்டியல்களைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி ஒரு சுற்றறிக்கை தயாரானது. தேர்வுப் பொறுப்பிலிருந்த ஆசிரியர் அதைத் தம் கைப்பேசியில் தட்டி அலுவலகத்திற்கு அனுப்பினார். கைப்பேசியில் தட்டுகிறபோது யாரும் பெரிய எழுத்தைத் தேடுவதில்லை. அவர் அனுப்பிய வரி இது:

```
the bills for april and may may be sent to the accounts section before friday
```

இதை அலுவலக உதவியாளர் கணினியில் வேர்டில் ஒட்டினார். மூன்று இடங்களில் சிவப்புக்கோடு விழுந்தது. `april`, `friday` என்ற சொற்களின் கீழ் விழுந்த கோட்டைப் பார்த்து, 'எழுத்துக்கூட்டல் சரியாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிட்டார். மூன்றாவது கோடு இரண்டாவது `may`யின் கீழ். ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வந்தால் வேர்டு அதைத் தட்டச்சுப் பிழை என்று கருதும்; வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் `Delete Repeated Word` என்று ஒரு வாய்ப்பும் தரும். அவர் அதை ஏற்றுக்கொண்டார். சுற்றறிக்கை இப்படி வெளிவந்தது:

```
the bills for april and may be sent to the accounts section before friday
```

இப்போது இந்த வரியில் மே மாதம் எங்கே? படித்தவர்கள் அத்தனை பேரும் 'ஏப்ரல் பட்டியலை அனுப்பலாம்' என்றே புரிந்துகொண்டார்கள். நடுவில் நின்ற `and` வழக்கமான அலுவலகப் பிழைகளில் ஒன்றென்று கடந்துபோனார்கள். கணக்குப் பிரிவும் அப்படியே படித்தது. வெள்ளிக்கிழமை கழிந்தபின் ஏப்ரல் பட்டியல்கள் மட்டும் மேலே சென்றன. மே பட்டியல்கள் அடுத்த சுற்றுக்குக் காத்துக் கிடந்தன. விசாரித்தபோது அந்த உதவியாளர் கள்ளம் இல்லாமல் சொன்னார்: "சார், 'மே மே'ன்னு ரெண்டு தடவ வந்திருந்துச்சு. ஆடு கத்துற மாதிரி இருந்துது. ஒண்ண எடுத்துட்டேன்."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் `may`யின் தலையில் ஒரு பெரிய எழுத்து இருந்திருந்தால், இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்பது கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஒன்று மாதத்தின் பெயர். மற்றது 'அனுப்பலாம்' என்பதிலுள்ள 'லாம்'. அந்த ஒரு எழுத்தின் அளவில் இருந்தது ஒரு மாத வருமானம்.

கிழமைக்கும் மாதத்திற்கும் ஆங்கிலத்தில் எப்போதும் பெரிய எழுத்து என்பதில் விதிவிலக்கே இல்லை. வாக்கியத்தின் நடுவில் வந்தாலும், `Fri`, `Feb` என்று சுருக்கினாலும் அப்படியே. பருவகாலங்களுக்கு மட்டும் அது கிடையாது. கோடையும் குளிர்காலமும் சிறிய எழுத்தில்தான். இது இயற்கை விதியன்று, வெறும் மரபு. கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் வடக்கே போனால் புதுச்சேரி. அங்கே வழங்கிய பிரெஞ்சில் கிழமையும் மாதமும் சிறிய எழுத்திலேயே தொடங்கும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதத் துணிந்தபின் ஆங்கிலத்தின் மரபுதான் செல்லும். அதைவிட முக்கியம், அந்த மரபுக்கு ஒரு பயன் இருக்கிறது என்பது. ஆங்கிலத்தில் மூன்று மாதங்களின் பெயர்கள் வேறு பொருளுள்ள சாதாரணச் சொற்களாகவும் வழங்குகின்றன: `march`, `may`, `august`. முதலாவது அணிவகுத்தல், இரண்டாவது 'லாம்', மூன்றாவது மாட்சிமை பொருந்திய. பிழைதிருத்தும் மென்பொருள் `april` என்பதைப் பார்த்தால் சிவப்புக்கோடு போடும். அப்படி ஒரு சாதாரணச் சொல் அகராதியில் இல்லை. இந்த மூன்றையும் பார்த்தால் பேசாமல் இருந்துவிடும். கிழமைகளின் சுருக்கங்களில் `sat`, `sun`, `wed` ஆகியவையும் அப்படித்தான். எனவே சிவப்புக்கோடு இல்லை என்பதற்காகத் தேதி சரியாக இருக்கிறது என்று நம்பக்கூடாது. இந்த ஆறு சொற்களையும் கண்ணால்தான் தேடவேண்டும்.

'கணினி தானாகவே திருத்தாதா?' என்பார்கள். வேர்டில் கிழமைப் பெயர்களைத் தானே பெரிய எழுத்தாக்கும் ஏற்பாடு இருப்பது உண்மை. ஆனால் அது நாம் தட்டச்சு செய்யும்போது மட்டும் வேலை செய்யும். வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய வரியை அது தொடாது. இன்று எந்த அலுவலகத்தில் சுற்றறிக்கையை முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார்கள்? எல்லாம் வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியவைதாம்.

இந்தத் தானியங்கித் திருத்தத்தைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு இன்னொரு பழைய நினைவும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களுக்கு அது தெரியும். அங்கே தமிழ் என்று வரவேண்டுமானால் `jkpo;` என்று தட்டவேண்டும். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் அது ஏதோ ஆங்கிலச் சொல் என்பது மட்டுமே. வாக்கியத்தின் முதல் எழுத்து சிறியதாக இருக்கிறதே என்று அது `Jkpo;` ஆக்கிவிடும். திரையில் 'துமிழ்' என்று வந்து நிற்கும். 'அம்மா' என்று தொடங்கினால் 'ஆம்மா' ஆகும். பெயர் எது, பெயரல்லாதது எது என்று அறியாத ஒரு கருவியிடம் அந்தத் தீர்ப்பை ஒப்படைத்தால் இதுதான் நடக்கும். அறிய வேண்டியவர்கள் நாம்.

கிழமையையும் மாதத்தையும் சிறிய எழுத்தாக்குவது அசட்டை. அதை ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும். பதவிப்பெயர்களில் நாம் செய்வது அசட்டையன்று. அதில் ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது. என் சண்டை அதனோடுதான். எங்கள் கல்லூரி விழா ஒன்றுக்காக வந்த அறிக்கையைப் பாருங்கள்:

```
The Respected Principal and all the Heads Of The Departments will Grace the function on monday. The guest lecturers, the librarian and the sweepers should be present by 8 a.m.
```

முதல்வருக்குப் பெரிய எழுத்து. துறைத் தலைவர்களுக்குப் பெரிய எழுத்து. அவர்களோடு ஒட்டி நின்ற பாவத்திற்காக 'இன்', 'அந்த' என்ற பொருள் தரும் இடைச்சொற்களுக்கும் பெரிய எழுத்து. அவர்கள் வருகை தரும் வினைச்சொல்லுக்கும் பெரிய எழுத்து. கௌரவ விரிவுரையாளர்கள், நூலகர், துப்புரவுப் பணியாளர்கள் எல்லாரும் சிறிய எழுத்து. உண்மையாகவே பெயரான, பெரிய எழுத்து பெற்றே தீரவேண்டிய திங்கட்கிழமை மட்டும் கடைசிப் படியில் சிறியதாகக் குந்தியிருக்கிறது.

இதை எழுதியவருக்கு ஆங்கில இலக்கணம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவரிடம் தெளிவான ஓர் இலக்கணம் இருக்கிறது. மேலே இருப்பவருக்குப் பெரிய எழுத்து, கீழே இருப்பவருக்குச் சிறிய எழுத்து என்பதே அது. தமிழில் நாம் மரியாதையைச் சொல்லின் ஈற்றில் வைக்கிறோம்: வந்தார், வந்தார்கள், அவர்கள். ஆங்கில வினைக்கு அந்த ஈறு இல்லை. 'முதல்வர் அவர்கள்' என்று மனத்தில் ஓடுவதை ஆங்கிலத்தில் இறக்கிவைக்க ஓரிடம் வேண்டும். அகப்பட்டது பெரிய எழுத்து. ஈற்றில் இருந்த 'அவர்கள்' அங்கே தலைக்கு ஏறிக்கொண்டது. நம் அலுவலக ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்பது, தமிழின் மரியாதைப் பன்மை போட்டுக்கொண்ட மாறுவேடம்.

மரியாதைப் பன்மையைப் பற்றித் தொல்காப்பியர் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்வது தகும். ஒருவரைப் பன்மையால் சொல்வது உலக வழக்கில் உள்ள உயர்சொல்; அது இலக்கண நெறியாகாது என்று கிளவியாக்கத்தில் தெளிவாகவே பிரித்துவிடுகிறார். வழக்கை அவர் தடுக்கவில்லை. வழக்கை இலக்கணம் என்று மயங்காதே என்கிறார். நம் அலுவலகங்கள் அந்த மயக்கத்தை வேறொரு மொழிக்குள்ளும் கொண்டுபோய்விட்டன.

அதே கிளவியாக்கத்தில் நமக்கு வேண்டிய இன்னொரு விதியும் இருக்கிறது. ஒருவரது சிறப்புப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வரும்போது இயற்பெயரை முன்னால் சொல்லக்கூடாது என்பது அது. 'ஏனாதி நல்லுதடன்' என்பது உரைமரபு தரும் எடுத்துக்காட்டு. ஏனாதி என்பது அரசன் அளித்த பட்டம். நல்லுதடன் என்பது ஆளின் பெயர். பட்டம் முன்னால் வந்து பெயரோடு ஒட்டியதும் இரண்டும் சேர்ந்து ஒரு பெயராகிவிடுகின்றன. ஆங்கிலத்தின் விதியும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. பதவி பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெயரின் பகுதி, பெரிய எழுத்து. பெயருக்குப் பின்னால் விளக்கமாக வந்தால் அது தொழிலைச் சொல்லும் பொதுச்சொல், சிறிய எழுத்து.

```
Principal Kannan
Kannan, principal of the college
```

இரண்டிலும் அதே மனிதர், அதே நாற்காலி. மரியாதை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல் நிற்கும் இடம் மட்டுமே மாறியது. முதல் வரியில் அவரை அழைக்கிறோம். இரண்டாவதில் அவர் என்ன செய்கிறார் என்று சொல்கிறோம்.

கடிதத்தின் தலைப்பில் பெறுநர் முகவரியிலும், முடிவில் கையொப்பத்தின் கீழும் வரும் பதவிக்கு எப்போதும் பெரிய எழுத்துதான். அங்கே அது பெயருக்குப் பதிலாக நிற்கிறது. கடிதத்தின் உடலில் வாக்கியத்திற்கு நடுவே தனியாக வரும் 'முதல்வர்', 'பதிவாளர்' போன்றவற்றில்தான் நடைக் கையேடுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சிகாகோ கையேடு சிறிய எழுத்து என்கிறது. நம் நாட்டு அலுவலக வழக்கு பெரிய எழுத்தை விரும்புகிறது. இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: முதல்வருக்கு எது விதியோ அதுவே நூலகருக்கும். ஒரு கல்லூரியில் முதல்வர் ஒருவர், நூலகரும் ஒருவர். முன்னவருக்குப் பெரிய எழுத்து கொடுத்தால் பின்னவருக்கு மறுக்க இலக்கணத்தில் காரணம் இல்லை. பலர் வகிக்கும் பதவிகள் பன்மையில் வரும்போது, அவர்கள் துறைத் தலைவர்களானாலும் துப்புரவுப் பணியாளர்களானாலும், சிறிய எழுத்தே. மேற்கண்ட அறிக்கையைத் திருத்தினால் இப்படி வரும்:

```
The principal and all heads of department will attend the function on Monday. The guest lecturers, the librarian and the sweepers should be present by 8 a.m.
```

இந்தத் திருத்தத்தில் யாருடைய தலையும் கீழே இறங்கவில்லை. எட்டு மணிக்கு வரவேண்டியவர்கள் எட்டு மணிக்குத்தான் வரவேண்டும். ஆனால் எழுத்தின் அளவில் இருந்த வாசற்படி போய்விட்டது. நான் இந்தத் திருத்தத்தைச் செய்து அனுப்பியபோது, அலுவலகத்திலிருந்து வந்த பதில் இது: "முதல்வர் பார்த்தால் வருத்தப்படுவார்." முதல்வருக்கு அப்படி ஒரு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மேலே இருப்பவர் வருத்தப்படுவாரோ என்று கீழே இருப்பவர் கற்பனை செய்துகொள்ளும் அச்சம்தான் நம் ஊரில் பாதி இலக்கணத்தை எழுதுகிறது.

துறைப்பெயர்களுக்கு வருவோம். துறையின் முழுப் பதிவுப்பெயரைச் சொன்னால் பெரிய எழுத்து. 'எங்கள் துறை', 'எல்லாத் துறைகளும்' என்று பொதுவாகச் சொன்னால் சிறிய எழுத்து. முன்னால் 'ஒரு', 'எல்லா', 'எங்கள்' என்ற சொற்களில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இயல்பாகப் பொருந்தினால் அது பொதுச்சொல். இந்த அளவுகோல் பெரும்பாலும் கைவிடுவதில்லை. முழுப்பெயர் என்றால் ஆணையில் உள்ளபடி முழுவதும் இருக்கவேண்டும். உள்ளே வரும் சிறு இடைச்சொற்கள் சிறிய எழுத்திலேயே இருக்கும்:

```
PG and Research Department of Tamil
```

வேர்டில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்த வரியின் இடைச்சொற்களும் எழுந்து நின்றுவிடும். `Shift+F3` அழுத்தினால் தேர்ந்த சொல் சிறியது, முதலெழுத்துப் பெரியது, முழுவதும் பெரியது என்று சுழன்று வரும்; ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்து அதைப் பயன்படுத்துவதே நல்லது.

இந்தத் துறை விவகாரத்தில் எனக்கு ஒரு வழக்கே வந்துவிட்டது. நான் திருத்திய ஒரு கடிதத்தில் இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தன:

```
the Tamil department and the history department
```

வரலாற்றுத் துறை நண்பர் தாளோடு வந்துவிட்டார். "ஐயா, உங்கள் துறைக்குப் பெரிய எழுத்து, எங்கள் துறைக்குச் சிறிய எழுத்தா? நேற்றுவரை சமத்துவம் பேசினீர்களே!" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடையும் இருந்தது. ஆங்கிலத்தில் மொழியின் பெயர் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து பெறும்; தமிழுக்கு உள்ளதே ஆங்கிலத்திற்கும் இந்திக்கும் பிரெஞ்சுக்கும். வரலாறு, வேதியியல், வணிகவியல் ஆகியவை பாடங்களின் பொதுப்பெயர்கள். அங்கே பெரிய எழுத்து பெற்றது தமிழ் என்ற மொழிப்பெயர். துறை என்ற சொல் இரண்டு இடத்திலும் சிறியதாகவே இருந்ததைக் காட்டினேன். இரண்டு துறைகளுக்கும் முழுப்பெயர் எழுதினால் இருவருக்கும் பெரிய எழுத்து என்பதையும் காட்டினேன். அவர் சமாதானமானார், முழுச் சமாதானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கோபித்துக்கொண்டதே என் கட்சிக்குச் சாட்சி. அந்த எழுத்தை அவர் இலக்கணமாகப் பார்க்கவில்லை, பந்தியில் போட்ட இலையாகப் பார்த்தார்.

'வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பழக்கம். கம்பெனிக் காலத்திலிருந்தே அப்படித்தான் எழுதுகிறார்கள்' என்று ஒரு வாதம் உண்டு. கடலூர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையோடே சொல்வார்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. அங்கிருந்த எழுத்தர்களின் ஆங்கிலம் நம் ஊரிலேயே பிறந்த ஆவணம். அக்கால ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்திடும் வழக்கம் பரவலாக இருந்தது உண்மை. ஆனால் அந்த வழக்கத்தின்படி ஆளுநருக்குப் பெரிய எழுத்து என்றால் அரிசி மூட்டைக்கும் பெரிய எழுத்து. பெயர்ச்சொல் என்ற ஒரே தகுதி போதும். இன்றும் ஜெர்மன் மொழியில் அப்படித்தான். ஆங்கிலத்திலோ பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வழக்கொழிந்தது. எனவே நாம் செய்வது கம்பெனி எழுத்தரின் பழக்கமும் அன்று. அவர் மூட்டைக்கும் கொடுத்தார். நாம் துப்புரவுப் பணியாளருக்கு மறுக்கிறோம். இந்தப் பழக்கத்தை நாமே உண்டாக்கினோம். பழியை லண்டனுக்குக் கப்பலேற்ற வேண்டாம்.

இனி முதலில் ஒத்திவைத்த கேள்வி: தமிழாசிரியருக்கு இது எதற்கு? 'தமிழில் எழுதுங்கள், இந்தத் தொல்லையே இல்லை' என்று சொன்னவர்கள் உண்டு. முழுக்க ஏற்கிறேன். 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. கல்லூரிக்குள் சுற்றும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க ஒரு காரணமும் இல்லை. 'ஏப்ரல், மே மாதப் பட்டியல்களை வெள்ளிக்கிழமைக்குள் கணக்குப் பிரிவுக்கு அனுப்புக' என்று எழுதியிருந்தால், எந்த ஆடும் கத்தியிருக்காது. எந்த மாதமும் தொலைந்திருக்காது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் தரமதிப்பீட்டுக் குழுவுக்கும் பிற மாநிலங்களுக்கும் போகும் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகின்றன, நாளையும் போகும். அவற்றை எழுதும்போது நம் மனத்தில் உள்ள படிநிலையை அந்த மொழியின் எழுத்தில் ஏற்றி அனுப்புகிறோம். படிக்கிற அயலார் அதை வெறும் பிழை என்று எண்ணிக் கடந்துவிடுகிறார். அது பிழையில்லை, நம் புத்தி என்பது நமக்குத்தான் தெரியும். திருத்தவேண்டியவர்களும் நாமே. பெயர் எது, பட்டம் எது, மரியாதை எது என்று மூன்றையும் பிரித்துக் காட்டும் நூலைப் பாடம் சொல்லும் தமிழாசிரியனுக்கு இதில் வேலை இல்லை என்றால், பின் யாருக்கு வேலை?

அந்த மே மாதப் பட்டியல்கள் ஆகஸ்டில் பணமாயின. `august` என்று சிறிய எழுத்தில் எழுதினால் அதற்கு 'மாட்சிமை பொருந்திய' என்று பொருள். இரண்டு மாதம் கடன் சொல்லிக் காத்திருந்த என் நண்பருக்கு அதில் ஒரு மாட்சிமையும் தெரியவில்லை. அதன்பின் அந்தச் சுற்றறிக்கையின் வரியை நான் இப்படி மாற்றி எழுதி, உதவியாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்:

```
Bills for both April and May should reach the accounts section by Friday, 9 June.
```

'லாம்' என்று பொருள் தரும் அந்த `may`யையே எடுத்துவிட்டேன். மாதத்தின் பக்கத்தில் அதை நிற்கவிடாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. கிழமைக்கு ஒரு பெரிய எழுத்து, மாதங்களுக்கு மூன்று, வாக்கியத் தொடக்கத்துக்கு ஒன்று. கணக்குப் பிரிவுக்குச் சிறிய எழுத்து. அங்கே இருப்பவர்கள் யாரும் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை. தாள் இன்னும் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது. போகும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன்.